ஒன்று மங்கல், ஒன்று பொடி: புது லேப்டாப்பில் இரண்டு பழைய புரோகிராம்கள்

*கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறியதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். பழைய கம்ப்யூட்டர் ஓய்ந்துவிட்டதால் 14 இன்ச், 2880-க்கு 1800 திரையுள்ள லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ் 11. பிரவுசர் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் பில் போடும் பழைய புரோகிராம் மங்கலாகத் தெரிகிறது. ஆல்பம் டிசைன் செய்யும் பழைய போட்டோ சாஃப்ட்வேரில் பட்டன்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. என் மச்சான் ஏதோ செட்டிங் மாற்றினார், பில் புரோகிராம் தெளிவாகிவிட்டது. ஆனால் தொகைக் கட்டத்தில் எண்கள் வெட்டுப்படுகின்றன. பழைய 22 இன்ச் மானிட்டரை மாட்டி அதற்கு இழுத்துப் போனால் போட்டோ சாஃப்ட்வேர் இன்னும் மோசம். ஒரே ஒரு நாள் மட்டும் அதில் சரியாகத் தெரிந்தது, ஏன் என்று புரியவில்லை. ஆவணி முகூர்த்த ஆல்பங்கள் குவிந்து கிடக்கின்றன சார். லேப்டாப்பை மாற்றிவிடலாமா?*

மாற்ற வேண்டாம். திரையில் ஒரு பழுதும் இல்லை. அந்த இரண்டு புரோகிராம்களையும் எழுதிய காலத்தில் இப்படி ஒரு திரை இல்லை, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டு ஒரே மருந்தைக் கொடுக்காதீர்கள். மங்கலும் பொடியும் நேர் எதிரான கோளாறுகள். விண்டோஸ் அளவுக்கு மேல் கை வைத்தால் மங்கல் வருகிறது. விண்டோஸ் கையே வைக்காவிட்டால் பொடியாகிறது. உங்கள் மச்சான் பில் புரோகிராமிலிருந்து விண்டோஸின் கையை எடுத்துவிட்டார். மங்கல் போய்விட்டது. ஆனால் கை எடுத்ததால் வரும் தொல்லை அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். விண்டோஸ் காலங்காலமாக ஓர் இன்ச்சுக்கு 96 புள்ளி என்றே வைத்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் 100% என்கிறது. உங்கள் 22 இன்ச் மானிட்டர் 1920-க்கு 1080 என்றால் இன்ச்சுக்குச் சுமார் 100 புள்ளி வரும், ஏறக்குறைய அதே கணக்கு. புது லேப்டாப்பில் ஓர் இன்ச்சுக்குள் சுமார் 243 புள்ளிகள். பழைய போட்டோ சாஃப்ட்வேரின் பட்டன் 16-க்கு 16 புள்ளியில் வரையப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரில் அது 4 மில்லிமீட்டர் அகலம். லேப்டாப்பில் அதே 16 புள்ளி 1.7 மில்லிமீட்டர்தான். மவுஸ் முனையை அதன்மேல் நிறுத்துவதே பெரிய வேலை.

இதைச் சமாளிக்கத்தான் Scale என்ற செட்டிங் இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் அது 200% ஆக இருக்கும். Settings > System > Display போய்ப் பாருங்கள். 200% என்பதன் பொருள், எல்லாவற்றையும் இரண்டு மடங்கு பெரிதாக வரையுங்கள் என்று புரோகிராம்களுக்குச் சொல்வது. பிரவுசர் அதைக் கேட்டு எழுத்தை உண்மையிலேயே இரண்டு மடங்கு புள்ளிகளில் வரைகிறது. அதனால்தான் பளிச். பழைய பில் புரோகிராமுக்கு அந்தப் பேச்சே காதில் விழாது. அது எப்போதும்போல 96 கணக்கில் வரைந்து கொடுக்கிறது. அதை அப்படியே விட்டால் பொடியாகத் தெரியும் என்பதால், வரைந்து முடித்த படத்தை விண்டோஸ் வாங்கி இரண்டு மடங்காக இழுத்துத் திரையில் ஒட்டுகிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைச் சாதாரண ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்து 12-க்கு 18 பிரிண்ட் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பில் புரோகிராமின் மங்கல் அதுதான். இந்த ஏற்பாடு விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. அப்போது இத்தனை நெருக்கமான திரைகள் இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை.

போட்டோ சாஃப்ட்வேர் வேறு ரகம். விண்டோஸ் கேட்கும்போது, எனக்கு எல்லாம் தெரியும், நீ இழுக்காதே என்று சொல்லிவிடுகிறது. படத்தை இழுத்தால் கெட்டுவிடும் என்பதற்காக அதை எழுதியவர்கள் அப்படிச் செய்திருப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. விண்டோஸும் நம்பி விலகிக்கொள்கிறது. ஆனால் பட்டன்களைப் பெரிதாக்கும் வேலையை அவர்கள் செய்யவே இல்லை. 16 புள்ளிப் பட்டன் 16 புள்ளியாகவே நிற்கிறது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு புரோகிராமையும் திறந்து வைத்துக்கொண்டு Ctrl+Shift+Esc அழுத்துங்கள். Task Manager வரும். அதில் Details பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து Select columns கொடுங்கள். பட்டியலில் DPI Awareness என்று ஒன்று இருக்கும், அதை டிக் செய்யுங்கள். இனி ஒவ்வொரு புரோகிராமுக்கும் எதிரே அது எந்த ரகம் என்று எழுதியிருக்கும். Unaware என்றால் காது கேளாத ரகம், விண்டோஸ் இழுக்கும். System என்றால், நீங்கள் லாகின் செய்தபோது முதன்மைத் திரைக்கு எந்த அளவு இருந்ததோ அதை ஒரு தடவை மட்டும் கேட்டுக்கொள்ளும் ரகம். Per-Monitor என்று தொடங்கினால் திரைக்குத் திரை மாற்றிக்கொள்ளத் தெரிந்தது. இந்தக் கடைசி ரகத்துக்கு விண்டோஸ் 8.1-இல்தான், அதாவது 2013-இல்தான், வழி பிறந்தது. அதற்கு முந்திய புரோகிராமிடம் அதை எதிர்பார்க்க முடியாது. உங்கள் போட்டோ சாஃப்ட்வேருக்கு எதிரே System என்றுதான் இருக்கும் என்பது என் கணிப்பு. மானிட்டரில் நடக்கும் கூத்தை வைத்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மச்சான் என்ன செய்தார் என்று பார்த்துவிடுவோம். Start-இல் cmd என்று தட்டி Command Prompt-ஐத் திறந்து இதைக் கொடுங்கள். இது எதையும் மாற்றாது, இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான்.

```
reg query "HKCU\Software\Microsoft\Windows NT\CurrentVersion\AppCompatFlags\Layers"
```

ஒவ்வொரு வரியிலும் ஒரு புரோகிராமின் முழு முகவரியும், கடைசியில் ஒரு குறிச்சொல்லும் வரும். `HIGHDPIAWARE` என்று இருந்தால் விண்டோஸை விலகச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். `DPIUNAWARE` மட்டும் இருந்தால் விண்டோஸே இழுக்க வேண்டும். `GDIDPISCALING DPIUNAWARE` என்று இரண்டும் சேர்ந்து இருந்தால் அது வேறு, நமக்கு வேண்டியது. பில் புரோகிராமுக்கு எதிரே முதல் சொல்தான் இருக்கும். இந்தப் பிரச்சினைக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் அதுதான். பாதிப் பேருக்கு அது பலிக்கும், மீதிப் பேருக்கு உங்களுக்கு ஆனது ஆகும்.

எண்கள் வெட்டுப்படுவதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடப்பது இதுதான். பழைய புரோகிராம்களில் எழுத்தின் அளவைப் பாயின்ட் கணக்கில் கொடுத்திருப்பார்கள், கட்டத்தின் அளவைப் புள்ளிக் கணக்கில் கொடுத்திருப்பார்கள். விண்டோஸ் விலகியதும் 8 பாயின்ட் எழுத்து 200% கணக்குப்படி இரண்டு மடங்காகிறது. 70 புள்ளி அகலக் கட்டம் 70 புள்ளியாகவே இருக்கிறது. இரண்டு மடங்கு எழுத்து, பழைய கட்டம். தொகை வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும் கட்டமாக இருந்தால் முன்னால் உள்ள இலக்கம் மறையும். 14,500 என்பது 4,500 என்று கண்ணில் படும். புரோகிராமின் கணக்கும் பிரிண்டும் சரியாகவே இருக்கும், திரையில் பார்ப்பது மட்டும் தப்பு. கடையில் பையன் திரையைப் பார்த்துத்தான் தொகையைச் சொல்கிறான் என்றால், மங்கலே மேல். அதனால் இன்றைக்கே அந்த செட்டிங்கை மாற்றிவிடுங்கள்.

மாற்றும் முறை இது. பில் புரோகிராமை மூடிவிடுங்கள். டெஸ்க்டாப் ஐகானில் நேராகப் போகாதீர்கள். நிறைய பில் புரோகிராம்களில் அந்த ஐகான் ஒரு .bat ஃபைலையோ, அப்டேட் பார்க்கும் சின்ன புரோகிராமையோதான் கூப்பிடும். அதற்குச் செட்டிங் போட்டால் உள்ளே ஓடும் உண்மையான புரோகிராமுக்குச் சேராது. மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். அதற்குப் பதிலாக, புரோகிராமை ஒரு தடவை திறந்து, Task Manager-இன் Details பக்கத்தில் அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து Open file location கொடுங்கள். உண்மையான .exe இருக்கும் இடம் திறக்கும். இப்போது புரோகிராமை மூடிவிட்டு, அந்த .exe மேல் ரைட் கிளிக், Properties, மேலே Compatibility. கீழே Change high DPI settings என்ற பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் வரும் சின்ன ஜன்னலில் கடைசிப் பகுதியைப் பாருங்கள். Override high DPI scaling behavior என்பதற்கு எதிரே டிக் இருக்கும், மச்சான் வைத்தது. அதன் கீழே Application என்று இருப்பதை System (Enhanced) என்று மாற்றுங்கள். OK, மறுபடி OK. புரோகிராமைத் திறங்கள்.

இந்த Enhanced 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட்டில் சேர்ந்தது. சாதாரண System என்பது முடிந்த படத்தை இழுப்பது. Enhanced அப்படி இழுப்பதில்லை. பழைய புரோகிராம்கள் திரையில் எழுத விண்டோஸின் ஜிடிஐ என்ற வரையும் பகுதியைத்தான் கூப்பிடும். இந்த இடத்தில் 'தொகை' என்று எழுது, இங்கிருந்து அங்கே கோடு போடு என்று கட்டளை கட்டளையாகச் சொல்லும். அந்தக் கட்டளைகளை விண்டோஸ் நடுவில் பிடித்து, இரண்டு மடங்கு அளவில் தானே வரைகிறது. புரோகிராமுக்கு இது தெரியவே தெரியாது. அது 96 கணக்கில் வரைவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் எழுத்தும் கட்டமும் ஒரே விகிதத்தில் பெரிதாகின்றன, எதுவும் வெட்டுப்படாது. எழுத்து கூர்மையாகவும் வருகிறது. பில், ஸ்டாக் மாதிரி கட்டமும் எழுத்துமாக இருக்கும் புரோகிராமுக்கு இதைவிடப் பொருத்தமான செட்டிங் கிடையாது.

மாற்றியதும் தெரிய வேண்டியவை: எழுத்துகள் விளிம்பு தெளிவாக இருக்கும். மேலே உள்ள கடை லோகோவும் பட்டன்களில் உள்ள சின்னப் படங்களும் மட்டும் கொஞ்சம் மங்கலாகவே நிற்கும். அவை கட்டளைகள் அல்ல, ஏற்கெனவே புள்ளியாக இருக்கும் படங்கள், அவற்றை இழுக்கத்தான் முடியும். எழுத்து கூர்மை, படம் மட்டும் மங்கல் என்று இருந்தால் செட்டிங் பிடித்துவிட்டது என்று பொருள். எழுத்தும் மங்கலாகவே இருந்தால் அந்தப் புரோகிராம் ஜிடிஐ வழியாக எழுதவில்லை, Enhanced-ஆல் அதற்குப் பயனில்லை.

பிறகு, அவசரப்படாமல் ஒரு முழு பில்லைப் போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் பெயர், நாலைந்து ஐட்டம், ஜிஎஸ்டி, பிரிண்ட் வரை. ஐட்டம் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள், தேதி எடுக்கும் சின்ன ஜன்னலைத் திறந்து பாருங்கள். சில புரோகிராம்களில் Enhanced போட்டால் உருட்டும்போது பழைய வரி அழியாமல் புது வரிமேல் எழுதும், அல்லது ஏதோ ஒரு பகுதி வெள்ளையாக நிற்கும். அப்படி எதையாவது கண்டால் தயங்காமல் சாதாரண System-க்கு வந்துவிடுங்கள். மங்கலாக இருக்கும், ஆனால் எல்லா எண்ணும் முழுதாகத் தெரியும். பில் பிரிண்டுக்கும் இந்த மங்கலுக்கும் சம்பந்தமே இல்லை. இழுப்பது திரைக்குப் போகும் படத்தை மட்டும்தான்.

இன்னொன்று, எழுத்து பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று Scale-ஐ ஏற்றிவிடாதீர்கள். 200%-இல் பழைய புரோகிராமின் கண்ணுக்கு உங்கள் திரை 1440-க்கு 900. பில் புரோகிராம் 1024-க்கு 768 ஜன்னலாக இருந்தால் தாராளமாக அடங்கும். 225% வைத்தால் அதே திரை 1280-க்கு 800 ஆகிவிடும், அதில் அடியில் உள்ள டாஸ்க்பார் 48 புள்ளியை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 752. ஜன்னலுக்கு வேண்டியது 768. அடியில் இருக்கும் Save, Print பட்டன்கள்தான் முதலில் டாஸ்க்பாருக்குப் பின்னால் போகும். பட்டனைக் காணோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது Scale எவ்வளவு என்பதைத்தான்.

சரி, போட்டோ சாஃப்ட்வேருக்கு வருவோம். இதற்கும் அதே வழிதான், .exe, Properties, Compatibility, Change high DPI settings. ஆனால் தேர்வு வேறு. இங்கே டிக் வைத்து சாதாரண System-ஐத் தேர்ந்தெடுங்கள். எனக்குத் தெரியும் என்று அது சொல்வதை விண்டோஸ் இனி கேட்காது, வலுக்கட்டாயமாக இரண்டு மடங்கு இழுக்கும். பட்டன்கள் சுமார் மூன்றரை மில்லிமீட்டருக்கு வந்துவிடும். Task Manager-இல் System என்று இருந்தது Unaware என்று மாறும். மாறாவிட்டால் வேறு ஏதோ .exe-க்குச் செட்டிங் போட்டுவிட்டீர்கள். Details பக்கத்தில் வரும் System-உம் இந்தத் தேர்வில் வரும் System-உம் வேறு வேறு சமாசாரம், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதற்கு Enhanced ஏன் வேண்டாம் என்றால், படம் காட்டும் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் ஜிடிஐயை விட்டுவிட்டு வேறு வழியில் வரையும். பலன் இருக்காது, விபரீதமாகவும் ஆகலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு, உங்கள் தொழிலில் அது முக்கியமான விலை. இழுக்கும்போது பட்டனோடு போட்டோவும் சேர்ந்து இழுபடும். சாஃப்ட்வேரில் 100% ஜூம் வைத்தால் போட்டோவின் ஒரு புள்ளி திரையில் நான்கு புள்ளிகளில் பரவி, ஓரம் மழுங்கித் தெரியும். மணப்பெண்ணின் கண் இமை கொஞ்சம் சாஃப்ட்டாக இருக்கிறதே என்று ஷார்ப்பனைக் கூட்டுவீர்கள். திரையில் அழகாகத் தெரியும். ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்ததும் முடி ஓரத்தில் வெள்ளைக் கோடும், கன்னத்தில் சொரசொரப்பும் நிற்கும். குறை போட்டோவில் இல்லை, இழுத்த திரையில்தான். ஆகவே லேப்டாப் திரையில் பக்கம் அமைப்பது, பிரேம் போடுவது, பெயர் எழுதுவது எல்லாம் செய்யுங்கள். ஷார்ப்னஸ், நாய்ஸ் இரண்டை மட்டும் அங்கே தீர்மானிக்காதீர்கள். அதேபோல, கஸ்டமருக்கு வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் இழுபட்ட மங்கலும் சேர்ந்தே போகும். ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள்.

தீர்மானிக்கும் வேலைக்குத்தான் அந்தப் பழைய 22 இன்ச் மானிட்டர் இருக்கிறதே. அங்கே இன்னும் மோசமாகத் தெரிந்தது என்றீர்களே, அதன் காரணத்தைச் சொல்கிறேன். போட்டோ சாஃப்ட்வேர் System ரகம் என்றால், லேப்டாப் திரை முதன்மையாக இருக்கும்போது லாகின் செய்ததால் 200% என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டது. விண்டோஸும், இவர் 200%-க்கு வரைகிறார் என்று நம்புகிறது. ஜன்னலை 100% மானிட்டருக்கு இழுத்துப் போனதும், பெரிதாக வரைந்ததைப் பாதியாகச் சுருக்க வேண்டும் என்று அது கணக்குப் போடும். ஆனால் சாஃப்ட்வேர் பெரிதாக வரையவே இல்லையே. ஏற்கெனவே 16 புள்ளியாக இருந்த பட்டன் 8 புள்ளியாகச் சுருங்கி, பொடியும் மங்கலும் சேர்ந்து வரும். அந்த ஒரு நாள் சரியாகத் தெரிந்ததற்கு விடையும் இதில்தான் இருக்கிறது. அன்று மானிட்டர்தான் முதன்மைத் திரையாக இருந்திருக்கும். லேப்டாப் மூடியை மூடி வைத்தே லாகின் செய்திருப்பீர்கள். சாஃப்ட்வேருக்கு 100% என்றே சொல்லப்பட்டது, சுருக்கும் வேலை இல்லை, எல்லாம் ஒழுங்காக இருந்தது.

இப்போது System என்று ஓவர்ரைடு போட்டுவிட்டதால் இந்தத் தொல்லை தானாகத் தீர்ந்துவிடும். சாஃப்ட்வேர் எப்போதும் 96 கணக்கில் வரைவதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லேப்டாப் திரையில் இரண்டு மடங்கு இழுக்கும். 100%-இல் இருக்கும் மானிட்டருக்குக் கொண்டுபோனால் இழுக்கவும் செய்யாது, சுருக்கவும் செய்யாது, புள்ளிக்குப் புள்ளி அப்படியே காட்டும். போட்டோவின் 100% ஜூம் அங்கே உண்மையான 100%. பட்டனும் 4 மில்லிமீட்டர். எந்தத் திரை முதன்மை, எப்போது லாகின் என்று யோசிக்கவே வேண்டாம். மேஜையில் மானிட்டரை நடுவில் வைத்து போட்டோ சாஃப்ட்வேரை அதில் திறந்து, பில் புரோகிராமை லேப்டாப் திரையில் விட்டுவிடுவதுதான் உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். மானிட்டர் கையில் இல்லாத நேரத்தில், படத்தை எக்ஸ்போர்ட் செய்து விண்டோஸின் Photos-இல் முழு அளவில் திறந்து ஷார்ப்னஸைப் பாருங்கள். அது திரையின் எல்லாப் புள்ளிகளையும் பயன்படுத்தத் தெரிந்த புரோகிராம்.

மானிட்டரின் Scale உண்மையிலேயே 100%-இல்தான் இருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். Display பக்கத்தில் இரண்டு திரைகளுக்கும் 1, 2 என்று படம் இருக்கும், மானிட்டரின் எண்ணைத் தொட்டுவிட்டுக் கீழே Scale-ஐப் பாருங்கள். யாராவது Custom scaling-இல் போய் 180 என்றோ 190 என்றோ தட்டியிருந்தால் அது எல்லாத் திரைக்கும் ஒரேயடியாகப் பொருந்திவிடும், திரைக்குத் திரை தனி அளவு வைக்க விடாது. அந்தப் பக்கத்திலேயே அதை நிறுத்தும் வழி இருக்கிறது, நிறுத்தினால் ஒரு தடவை சைன் அவுட் செய்து உள்ளே வர வேண்டும். பெரும்பாலும் 100, 125, 150, 200 மாதிரி பட்டியலில் இருப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ரெசல்யூஷனைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், பாண்டியிலும் சொல்கிறார்கள், கடலூரிலும் சொல்வார்கள். 1920-க்கு 1200 என்று குறைத்தால் பட்டன் பெரிதாகும்தான். ஆனால் திரையின் ஒவ்வொரு படப் புள்ளியும் ஒன்றரைப் புள்ளியில் உட்கார வேண்டிவரும். அரைப் புள்ளி என்று ஒன்று திரையில் கிடையாது. ஆகவே பிரவுசர், போட்டோ, டெஸ்க்டாப் எல்லாமே பில் புரோகிராம் அளவுக்கு மங்கிவிடும். ஒரு புரோகிராமின் குறைக்காக மொத்தத் திரையையும் தண்டிக்க வேண்டாம். Display resolution எப்போதும் 2880 × 1800-லேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இது பின்னால் உங்களைக் குழப்பக் கூடாது. இந்த செட்டிங்கை விண்டோஸ் .exe-இன் முழு முகவரியோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் ஒரு நாள் வந்து புது வெர்ஷனை வேறு ஃபோல்டரில் போட்டாலோ, நீங்கள் C டிரைவிலிருந்து D-க்கு மாற்றினாலோ, செட்டிங் அங்கே வராது, மங்கல் திரும்பிவிடும். கடைப் பையனுக்குத் தனி லாகின் வைத்திருந்தால் அவன் பக்கத்திலும் இது இருக்காது. அதற்கு அதே Compatibility பக்கத்தின் அடியில் Change settings for all users என்ற பட்டனை முதலில் அழுத்திவிட்டு, உள்ளே போய் அதே தேர்வைச் செய்யுங்கள், அட்மின் பாஸ்வேர்டு கேட்கலாம். புரோகிராம் எழுதியவர் நேரில் கிடைத்தால், 200%-இல் கட்டமும் எழுத்தும் சேர்ந்து பெரிதாகும்படி அடுத்த வெர்ஷனில் செய்து தர முடியுமா என்று கேளுங்கள். சரி என்று சொல்லி வெர்ஷனைக் கொடுத்தால், ஓவர்ரைடு டிக்கை எடுத்துவிட்டு, முதலில் அந்தத் தொகைக் கட்டத்தில் ஏழு இலக்க எண் ஒன்றைத் தட்டிப் பாருங்கள்.